கலைச்சொல் உதவி: கூட்டக் குறிப்பில் ‘இன் அட்டெண்டன்ஸ்’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?

எழுதியவர்: முருகேசன்

அனைவருக்கும் வணக்கம். ஊராட்சிகளுக்கு உதவும் ஒரு தன்னார்வக் குழுவில் இருக்கிறேன். கிராம சபைக் கூட்டக் குறிப்புக்கு ஒரு மாதிரிப் படிவம் தயாரிக்கிறோம். கையில் உள்ள ஆங்கிலப் படிவத்தில் மூன்று தலைப்புகள் இருக்கின்றன: ‘பிரசென்ட்’, ‘இன் அட்டெண்டன்ஸ்’, கடைசியில் ‘அட்டெண்டன்ஸ் ஷீட்’ இணைப்பு. முதல் இரண்டையும் எங்கள் பழைய மொழிபெயர்ப்பில் ‘கலந்துகொண்டோர்’ என்றே எழுதிவிட்டார்கள். அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஊராட்சியின் மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சம். தமிழ்நாட்டில் 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியின் கிராம சபைக்கு 200 பேர் குறைவெண், அதாவது அத்தனை உறுப்பினராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். கையொப்பத் தாள்களில் 231 வரிகள் நிரம்பியிருந்தன. எல்லாரும் ‘கலந்துகொண்டோர்’தானே என்று 231 என எழுதி முடித்தார்கள். பிறகு நான் வரிவரியாகப் பார்த்தேன். அலுவலர்கள், பணியாளர்கள் 11 பேர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் 17 பேர், திருவிழாவுக்கு வந்த பக்கத்து ஊர் உறவினர் 4 பேர். காலையிலும் பிற்பகலிலும் இரண்டு முறை கையெழுத்துப் போட்டவர்களால் வந்த கூடுதல் வரிகள் 5. இவற்றைக் கழித்தால் 194. அதாவது குறைவெண் இல்லை.

எண்ணிக்கையில் சேர்பவருக்கும் சேராமல் கூட்டத்தில் இருப்பவருக்கும் வெவ்வேறு சொல் இருந்திருந்தால் இந்தத் தவறு அன்றைக்கே தெரிந்திருக்கும். ‘பங்கேற்றோர்’, ‘வருகைதந்தோர்’ என இரண்டு சொற்களை யோசித்தேன். ஆனால் எது எதற்கு என்று படிப்பவருக்குப் புரியாது. நல்ல சொல் சொல்லுங்கள்.

எழுதியவர்: தேன்மொழி

ஐயா, இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறதே. ‘வருகைப் பதிவேடு’. இருபது வருடமாகப் பள்ளியில் அதைத்தான் எழுதுகிறேன். வந்தவர், வராதவர், விடுப்பு, அவ்வளவுதான். எதற்குப் புதுச்சொல்?

எழுதியவர்: முருகேசன்

அம்மா, பதிவேட்டின் பெயரில் எனக்குச் சிக்கல் இல்லை. உங்கள் வகுப்பில் பதிவேட்டில் பெயர் உள்ள பிள்ளைகள் மட்டும்தான் இருப்பார்கள். அன்றைக்கு ஆய்வாளர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தால் அவர் பெயரை வருகைப் பதிவேட்டில் ஏற்ற மாட்டீர்கள் அல்லவா? எனக்கு வேண்டியது அந்த ஆய்வாளருக்கான சொல்.

எழுதியவர்: வெங்கடேஷ்

கம்பெனிச் செயலகத்தில் வேலை பார்க்கிறேன், இது எனக்குத் தினசரி விஷயம். ‘இன் அட்டெண்டன்ஸ்’ என்றால் அழைப்பின்பேரில் வந்தவர்கள். ஆகவே ‘சிறப்பு அழைப்பாளர்கள்’ என்று போட்டுவிடுங்கள். அப்புறம், பெரிய கூட்டத்தில் எல்லார் பெயரையும் குறிப்பில் எழுதவே தேவையில்லை. பங்குதாரர் பொதுக்கூட்டத்தில் நாங்கள் இயக்குநர்கள், தணிக்கையாளர் போன்றவர்களின் பெயரை மட்டும் பொறுப்போடு எழுதுவோம். உறுப்பினர்கள் இத்தனை பேர் நேரில், பதிலாள் வழியாக இத்தனை பேர் என்று எண்ணிக்கை போதும். பதிலாட்களையும் சேர்த்துத்தான் குறைவெண் பார்ப்போம். நீங்களும் அப்படிச் செய்யலாம்.

எழுதியவர்: இராமலிங்கம்

ஊரக வளர்ச்சித் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். பல கிராம சபைகளில், கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பும் பற்றாளராக உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

வெங்கடேஷ் தம்பி சொன்னதில் பாதி சரி. பெயர்களைக் குறிப்பின் உடலில் கொட்டாமல் பொறுப்பாளர் பெயரும் மற்றவர் எண்ணிக்கையும் எழுதி, தாளை இணைப்பது நல்ல முறை. ஆனால் பதிலாள் விஷயம் தவறு. 2013 நிறுவனங்கள் சட்டம் பிரிவு 103 ‘நேரில் வந்துள்ள உறுப்பினர்’ என்றுதான் கேட்கிறது. பொது நிறுவனத்தில் உறுப்பினர் 1,000 வரை இருந்தால் 5 பேர், 5,000 வரை 15 பேர், அதற்கு மேல் 30 பேர். பதிலாள் அந்தக் கணக்கில் வரமாட்டார். கிராம சபையில் பதிலாள் என்ற பேச்சே கிடையாது. இருந்தும் வீட்டுக்காரர் பெயருக்கு நேரே மனைவி கையெழுத்துப் போடுவது நடக்கிறது. அந்த அம்மாவும் வாக்காளர்தான், வந்திருப்பதும் அவர்தான். அவர் பெயரிலேயே போடச் சொல்ல வேண்டும்.

‘சிறப்பு அழைப்பாளர்’ கிராம சபைக்குப் பொருந்தாது. பற்றாளர் அழைப்பின்பேரில் வருவதில்லை, பணி ஆணையின்பேரில் வருகிறார். மாணவர்களையோ உறவினர்களையோ யாரும் அழைக்கவும் இல்லை.

முருகேசன், உங்கள் கணக்கிலும் ஒரு பிழை இருக்கலாம். பதினொரு பேரையும் ‘அலுவலர்’ என்று ஒரே மூச்சில் கழித்துவிட்டீர்கள். ஊராட்சிச் செயலரும் அங்கன்வாடிப் பணியாளரும் எந்த ஊர்க்காரர்கள்? அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அவர்கள் கிராம சபை உறுப்பினர்கள். அரசியலமைப்பின் 243ஆவது உறுப்பு கிராம சபைக்குத் தரும் பொருளே அதுதான்: ஊராட்சிப் பகுதிக்குள் உள்ள வாக்காளர் பட்டியலில் பதிவானவர்கள். சம்பளம் எங்கே வாங்குகிறார் என்பதை அது கேட்கவில்லை.

அதனால் பொறுப்பு வேறு, வகை வேறு. ஒரே ஆள் பொறுப்பில் செயலராகவும் வகையில் வாக்காளராகவும் இருப்பார். தாளில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். பொறுப்பைப் பார்த்துப் பெயரை எழுதுங்கள், வகையைப் பார்த்து எண்ணுங்கள்.

எழுதியவர்: முருகேசன்

ஐயா, சரிபார்த்தேன். செயலரும் அங்கன்வாடி அம்மாவும் உள்ளூர் வாக்காளர்கள்தான். 194 என்பது 196 ஆகிறது, ஆண் 88, பெண் 108. இன்னும் நான்கு குறைவு. நல்லவேளையாக அன்றைய தீர்மானங்களை மறு கூட்டத்தில் வைத்துவிட்டோம்.

வகை பற்றிச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அந்த 194 பேரைப் பிரித்து எழுதிய முதல் சுருக்கத்தில் ஆண் 87, பெண் 107, ஆதிதிராவிடர் 61 என்று வரிசையாக எழுதி, கீழே 255 என்று கூட்டியிருந்தார்கள். தாளில் இருந்ததே 231 வரி. அந்த 61 பேரும் ஏற்கெனவே ஆண், பெண் கணக்கில் இருப்பவர்கள். அந்தக் கட்டத்துக்கு ‘இனம்’ என்று தலைப்பு வைத்திருந்தோம். ‘எந்த வகைப் பங்கேற்பாளர்’ என்ற பொருளில் வைத்தது. ஆனால் ஊரில் ‘இனம்’ என்றால் சாதி என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். அதைத்தான் எழுதியும் தந்தார்கள்.

எழுதியவர்: இராமலிங்கம்

‘இனம்’ வேண்டாம், ‘வகுப்பு’ம் வேண்டாம், இரண்டுக்கும் அந்தப் பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘வகை’ போதும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் எண்ணிக்கை தேவையானதுதான். அதை ‘இவர்களுள்’ என்று தொடங்கும் தனி வரியில் எழுதுங்கள். ‘இவர்களுள்’ என்ற சொல் இருந்தால் யாரும் கூட்ட மாட்டார்கள்.

எழுதியவர்: சிவகாமி (யாழ்ப்பாணம்)

வணக்கம். எங்கள் பக்கத்துச் சங்கக் கூட்டறிக்கைகளில் ‘சமுகமளித்தோர்’ என்று எழுதுவோம். நீங்கள் குறைவெண் என்பதை நாங்கள் ‘கூட்டநடப்பெண்’ என்போம். உங்கள் சொல்லைப் பார்த்தால் ஏதோ குறைந்துவிட்டது போலத் தொனிக்கிறது. ‘நடப்பெண்’ என்றால் கூட்டம் நடக்க வேண்டிய எண் என்பது உடனே விளங்கும். ஆனால் ‘சமுகமளித்தோர்’ என்பதும் வந்த எல்லாருக்கும் பொதுவானதுதான். நீங்கள் கேட்கும் பிரிவுக்கு எங்களிடமும் தனிச்சொல் புழக்கத்தில் இல்லை. ‘உடனிருந்தோர்’ என்று சொல்லிப் பார்க்கலாமா? சபை கூடியது, இவர்கள் உடனிருந்தார்கள்.

எழுதியவர்: தேன்மொழி

இப்போதுதான் கேள்வி புரிந்தது. ‘உடனிருந்தோர்’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பவரைத்தான் ‘உடனிருப்பவர்’ என்கிறோம். அது இடிக்காதா? அழைப்பிதழ்களில் ‘தலைமை’க்கு அடுத்து ‘முன்னிலை’ என்று போடுகிறோமே, அதை எடுத்து ‘முன்னிலை வகித்தோர்’ என்றால் என்ன?

எழுதியவர்: இராமலிங்கம்

ஆஸ்பத்திரிச் சொல் எனக்கு இடிக்கவில்லை அம்மா. அங்கேயும் அதே பொருள்தானே: படுக்கையின் கணக்கில் வராதவர், ஆனால் பக்கத்தில் இருப்பவர்.

‘முன்னிலை’தான் இடிக்கிறது. கிராம சபைத் தீர்மானங்களில் ‘தலைவர் தலைமையில், பற்றாளர் முன்னிலையில் நடைபெற்றது’ என்று எழுதுவது வழக்கம். பற்றாளர் கூட்டத்தைப் பார்த்துச் சாட்சி சொல்பவர், அவருக்கு அது சரி. பதினேழு மாணவர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும் ‘முன்னிலை வகித்தார்கள்’ என்று எழுத முடியாது.

என் பரிந்துரை இது. எண்ணிக்கையில் வருபவர்களுக்குப் புதுச்சொல்லே வேண்டாம். ‘வருகைதந்த உறுப்பினர்கள்’ என்று நேராக எழுதுங்கள். சேராதவர்களுக்கு ‘உடனிருந்தோர்’. தாளுக்கு ‘கையொப்பத் தாள்’.

தாளைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் வந்த கூட்டத்தில் தாள்கள் தனித்தனியாகக் கைமாறும். எங்கே யார் நிரப்பினார்கள் என்று தெரியாது. நூறு நாள் வேலைத் தளத்துக்குத் தாளை எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாள் பார்த்ததுமே தெரிந்துவிடும். ஒரே பேனா, ஒரே தெருப் பெயர்கள் தொடர்ச்சியாக, இடையில் ஒரு வெற்று வரிகூட இல்லை. கூட்டத்தில் நிரம்பும் தாளில் தெருக்கள் கலந்துதான் வரும். நான் செய்தது: தாளைக் கொடுப்பதற்கு முன்பே ஒவ்வொன்றிலும் தேதி, இடம், ‘பக்கம் 3 / 10’ என்ற எண். உறுப்பினருக்கும் உடனிருந்தோருக்கும் வேறு வேறு தாள். கூட்டம் முடிந்ததும் மீதி வரிகளுக்குக் குறுக்கே கோடு, அடியில் தலைவர் கையொப்பம். கைநாட்டு வைப்பவருக்குப் பெயரை எழுதியவரும் அருகில் கையெழுத்திட வேண்டும்.

எழுதியவர்: வெங்கடேஷ்

பதிலாள் பற்றித் திருத்தியதற்கு நன்றி ஐயா, சட்டத்தை எடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னதுதான். ஒரு சந்தேகம். தாளில் 210 கையெழுத்து இருக்கிறது, ஆனால் முக்கியமான தீர்மானம் வரும்போது பாதிப்பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ‘வருகைதந்த உறுப்பினர்கள் 210’ என்பது உண்மையா?

எழுதியவர்: இராமலிங்கம்

வந்தார்கள் என்பது உண்மை. அந்தத் தீர்மானத்தின்போது இருந்தார்கள் என்பதைத் தாள் சொல்லாது. நான் சில இடங்களில் தீர்மானத்துக்கு முன் தலை எண்ணி, அந்த எண்ணையும் நேரத்தையும் குறிப்பில் எழுத வைத்தேன். எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

எழுதியவர்: முருகேசன்

படிவத்தில் இப்படி வைத்திருக்கிறேன், பாருங்கள்:

“ஊராட்சி மன்றத் தலைவர் தலைமையிலும் பற்றாளர் முன்னிலையிலும் கூட்டம் நடைபெற்றது. வருகைதந்த உறுப்பினர்கள்: ஆண் __, பெண் __, மொத்தம் __. இவர்களுள் ஆதிதிராவிடர் __, பழங்குடியினர் __. உடனிருந்தோர் (மேற்படி மொத்தத்தில் சேராதவர்கள்): பெயர், பொறுப்பு. கையொப்பத் தாள்கள் __ பக்கங்கள், இணைப்பு 1.”

சிவகாமி அக்கா சொன்ன ‘நடப்பெண்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அலுவலகம் ‘குறைவெண்’ என்றே கேட்பதால் அதை மாற்றவில்லை. தலை எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன், அதற்குத் தலைப்பு இன்னும் வைக்கவில்லை. ‘தீர்மானத்தின்போது இருந்தோர்’ நீளமாக இருக்கிறது. சுருக்கமாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

எழுதியவர்: சிவகாமி (யாழ்ப்பாணம்)

‘அவையிலிருந்தோர்’?

எழுதியவர்: தேன்மொழி

அப்படியென்றால் உடனிருந்தோரும் அவையில்தானே இருந்தார்கள்?