மாமி புள்ளைய குப்புறப் படுக்க வைக்கிறா, மனம் நோகாம எப்பிடிச் சொல்ற?

கல்முனை டீச்சர்: மகனுக்கு ரெண்டரை மாசம். நான் ஸ்கூலுக்குப் போனா மாமிதான் பாக்கிறா. இரவில நான் மல்லாக்க வளத்திறன், பகல்ல அவ குப்புறப் போடுறா. கேட்டா "அஞ்சு புள்ள வளத்தனான்" எண்டுறா. எப்பிடிச் சொல்ற?

ஆரையம்பதி அண்ணன்: இதெல்லாம் ஒரு பிரச்சினையா? எங்க எல்லாரையும் குப்புறப் போட்டுத்தானே வளத்த, நல்லாத்தானே இரிக்கம். மல்லாக்கப் போட்டா பால் கக்கி புரையேறும். பயமெண்டா ஒருக்களிச்சு போடுங்க.

ஓய்வு நர்ஸ்: தம்பி, எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிற, ஆனா நடக்கிறது மறுவளம். மல்லாக்கப் படுத்தா மூச்சுக்குழாய் மேலயும் உணவுக்குழாய் கீழயும் இரிக்கும், கக்கின பால் மேல ஏறிப் போகாது, புள்ள விழுங்கிரும் இல்லாட்டி வெளிய துப்பிரும். குப்புறக் கிடந்தாத்தான் மூச்சுக்குழாய் கீழ வருது. ஒருக்களிச்சா தானா உருண்டு குப்புற விழும்.

டீச்சர், உங்கட மாமி சொல்றதுல ஒண்டு உண்மைதான், குப்புறப் போட்டா திடுக்கிடாம நல்லா உறங்கும். ஆபத்தும் அதுக்குள்ளதான், மூச்சு முட்டினா முழிக்க வேண்டிய நேரம் புள்ள முழிக்காது. அதுவும் இரவில மல்லாக்கப் பழகின புள்ளைய பகல்ல மட்டும் குப்புறப் போட்டா ஆபத்து இன்னும் கூட. அதால ரெண்டு பேரும் ஒரே மாதிரிச் செய்யணும். நீங்க பிழை எண்டு சொல்லாதீங்க. அந்தக் காலத்தில வெளிநாட்டு டாக்டர்மாரே குப்புறப் போடச் சொன்னவங்கதான், மறுகா 1990கள்ல இங்கிலாந்திலயும் அமெரிக்காவிலயும் மல்லாக்கப் போடச் சொன்ன பிறகு உறக்கத்தில சாகிற குழந்தைகள்ற கணக்கு பாதிக்கு மேல குறைஞ்சிது. "மாமி, நீங்க செஞ்சது அப்ப சரி, இப்ப கதை மாறிட்டு" எண்டு சொல்லுங்க.

ஏறாவூர் உம்மா: நாங்க ஏணைல போடுறம், புள்ள வளைஞ்சு கிடக்கான். அதுவும் கூடாதா?

ஓய்வு நர்ஸ்: நாடி நெஞ்சில முட்டிற அளவு வளைஞ்சா மூச்சு அடைபடும் கா. ஆட்டி உறங்க வச்சிட்டு தட்டையான பாய்ல மாத்துங்க.

ஆரையம்பதி அண்ணன்: அப்ப பின்மண்டை தட்டையாகாதா? எங்கட அம்மம்மா அதுக்காகத்தான் குப்புறப் போட்ட.

ஓய்வு நர்ஸ்: ஆகலாம், அநேகமா மறுகா சரியாகும். ஒருநாள் வலப்பக்கம், ஒருநாள் இடப்பக்கம் தலையத் திருப்பி வளத்துங்க. முழிச்சிருக்கக்குள்ள மாமிக்கிட்டயே குடுத்து, பக்கத்தில இருந்து மூணு நாலு நிமிசம் குப்புறப் போட்டு விளையாட்டு காட்டச் சொல்லுங்க. கழுத்துக்கும் பலம், அவவுக்கும் தன்ட முறை போகல்ல எண்டு இரிக்கும்.

மகிழடித்தீவு: புள்ளையே தானா புரண்டா? இரவெல்லாம் முழிச்சா இருக்கிற?

ஓய்வு நர்ஸ்: ரெண்டு பக்கமும் தானா புரளப் பழகிட்டா விட்டுருங்க. படுக்க வைக்கிறது மட்டும் மல்லாக்க.

கல்முனை டீச்சர்: மூணு நாள் கழிச்சு எழுதுறன். விளையாட்டு காட்டுற வேலை மாமிக்கு நல்லாப் புடிச்சிட்டு. இண்டைக்கு வந்து பாத்தா மல்லாக்கத்தான் வளத்தியிருக்கா, ஆனா உருளாம இருக்க ரெண்டு பக்கமும் தலகணி அணை குடுத்திரிக்கா. முகத்தில சரிஞ்சா? இனி அதுக்கு எப்பிடிக் கதைக்கிற எண்டு யோசிக்கன்.