புதுப்பிப்பு: பக்கத்து வீட்டு அத்தை விஷயம்

முன்னாடி கேட்டது: "யாரு வந்துட்டுப் போனாலும் 'யாரும்மா அது, மாசம் எவ்ளோ வருது'ன்னு அத்தை கேக்காவ, முகம் முறியாம எப்படி சமாளிக்க?"

சிரிச்சுட்டே போயிருன்னு ஒருத்தர் சொன்னீங்க, செஞ்சேன், ஆனா அத்தை நேரா எங்க மாமியார்ட்ட போய் கேட்டுட்டாவ. பாளையங்கோட்டை அக்கா சொன்னதுதான் எடுபட்டுச்சு: உறவை மட்டும் சொல்லு, வந்த காரியத்தை சொல்லாத, உடனே அவங்களப் பத்தி கேளு. "நமக்கு வேண்டியவங்கதான் அத்தே, முட்டுவலி எப்படி இருக்கு?"ன்னேன், பேச்சு டாக்டர் பக்கம் போயிட்டு. சம்பளத்துக்கு எப்பவும் ஒரே பதில், "செலவுக்கு சரியா இருக்கு அத்தே". குறைச்சு பொய் சொன்னா அடுத்து வண்டி வாங்கும்போது மாட்டுவோம். வீட்லயும் எல்லாரும் அதையே சொல்லணும். இப்ப சின்னவன்ட்ட கேக்காவ, அதுக்குத்தான் வழி தெரியல.