பெயர் மாற்றத் தீர்மானம்: 75 சதவீதம் போதுமா?

சிங்கப்பூரில் எங்கள் குடும்பப் பிரைவேட் லிமிடெட்டில் 1000 பங்கு. எனக்கு 600, சித்தப்பாவுக்கு 150, மச்சானுக்கு 250. பெயர் மாற்றக் கூட்டம் போட்டோம். மச்சான் வரவில்லை. இருவர் இருந்ததால் குறைந்தபட்ச வருகையான கோரம் சரி, இருவரும் ஆதரித்தோம். ஆனால் நோட்டீஸ் 9 நாள்தான் கொடுத்திருந்தேன் (என் தப்பு). சிறப்புத் தீர்மானத்துக்கு 14 நாள் வேண்டும் என்று செயலாளர் பதிவு செய்ய மறுக்கிறார். குறுகிய நோட்டீசை ஏற்க 95 சதவீத வாக்குரிமை உள்ளவர்களின் சம்மதம் தேவை, எங்களிடம் 75தான். மச்சானிடம் கையெழுத்து கேட்டும் பார்த்தேன், போடவில்லை.

முறைப்படி மறுபடி கூட்டினால் அவர் வந்து எதிர்ப்பார். கை தூக்கினால் மூவரில் இருவர், சிறப்புத் தீர்மானத்துக்குத் தேவையான முக்கால்வாசி வாக்கு தேறாது. பங்குக்கு ஒரு வாக்கு என எண்ணினால் 750, சரியாக முக்கால்.

கூட்டத்தில் நானே பங்குவாரி வாக்கெடுப்பு, அதாவது போல், கேட்டு, அந்த 750 வாக்கால் நிறைவேற்றலாமா?