துபாய் 18,000 திர்ஹாமா, சென்னை 28 லட்சமா?

ஷார்ஜா_செல்வா

11 வருடமாக இங்கே இருக்கிறேன். சம்பளம் 18,000 திர்ஹாம், அதில் பேசிக் 10,000. மனைவி, இரண்டு பிள்ளைகள் (5ஆம் வகுப்பு, 2ஆம் வகுப்பு). சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனி 28 லட்சம் தருவதாகச் சொல்கிறது. அப்பா அம்மா கொளத்தூரில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். ஊரில் என்ஆர்இ டெபாசிட் 60 லட்சம் இருக்கிறது. சேமிப்பை மட்டும் பார்த்தால் வரலாமா, இருக்கலாமா?

திரும்பிவந்தவன்

வாருங்கள் நண்பரே. நான் 2022இல் வந்தேன். 28 லட்சம் என்றால் மாதம் 2.3 லட்சம். சென்னையில் ஒரு குடும்பத்துக்கு 80 ஆயிரம் போதும். ஒன்றரை லட்சம் மிச்சம். அங்கே உங்களுக்கு என்ன மிஞ்சுகிறது? வாடகையே பாதியைத் தின்றுவிடும். அப்புறம், வந்த முதல் இரண்டு வருடம் திரும்பி வருபவர்களுக்கான ஆர்என்ஓஆர் வரி அந்தஸ்து கிடைக்கும், டெபாசிட் வட்டிக்கும் வரி கிடையாது.

ஓஎம்ஆர்வாசி

எந்தச் சென்னை சார் அது, 80 ஆயிரத்தில் குடும்பம் நடப்பது? நான் பெரும்பாக்கத்தில் இருக்கிறேன். வாடகை 28,000, மெயின்டனன்ஸ் 4,000. குழந்தை ஒன்றுக்குப் பள்ளிக்கூடம் வருடம் ஒன்றரை லட்சம், அதுவும் பேர்சொல்லும் பள்ளி இல்லை. ஏப்ரல், மே வந்தால் தண்ணீர் லாரிக்கு அசோசியேஷன் தனியாக வசூலிக்கும். இரண்டு ஏசி ஓடினால் கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைச் சுலபமாகத் தாண்டும், தாண்டினால் ரேட்டே வேறு. செல்வா, அங்கேயே இருங்கள்.

நங்கநல்லூர்_நரசிம்மன்

60 லட்சத்தை டெபாசிட்டில் வைத்திருப்பது தப்பு. மேடவாக்கம் தாண்டி இடம் வாங்கிப் போடுங்கள். நான் 2004இல் வாங்கியது இன்று எங்கேயோ போய்விட்டது.

ஷார்ஜா_செல்வா

நரசிம்மன் சார், இடம் வாங்குவதைப் பற்றி நான் கேட்கவில்லை. மாதச் செலவு, மாதச் சேமிப்பு, இதுதான் என் கேள்வி.

கணக்குப்பிள்ளை

செல்வா, முதலில் அங்கே உங்கள் செலவை ஒவ்வொன்றாக எழுதுங்கள். 18,000ஐ ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. மாதக் கடைசியில் கையில் நிற்பதை மட்டும்தான் ரூபாயாக்க வேண்டும். அங்கே செலவழிகிற திர்ஹாம் ஊருக்கு வரப்போவதில்லையே.

ஷார்ஜா_செல்வா

அல் நஹ்தாவில் இரண்டு பெட்ரூம், வருட வாடகை 60,000, நான்கு செக். மாதத்துக்கு 5,000. மின்சாரம், தண்ணீர் 700. இரண்டு பிள்ளைகளுக்கும் இந்தியப் பள்ளி, பஸ் சேர்த்து 2,400. மளிகை, கறி, காய் 2,500. கார், பெட்ரோல், சாலிக் டோல் 1,600. போன், நெட் 600. ஊருக்கு வர டிக்கெட்டை மாதக்கணக்காக்கினால் 500. வெளியே சாப்பாடு, துணிமணி, மற்றது 1,200. கூட்டினால் 14,500. மிச்சம் 3,500.

கணக்குப்பிள்ளை

நன்று. அதோடு கிராஜுட்டியையும் சேர்க்க வேண்டும், பலரும் மறப்பது அதைத்தான். ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் உங்களுக்கு வருடத்துக்கு 30 நாள் பேசிக் ஏறுகிறது. அதாவது வருடம் 10,000, மாதம் 833. ஆக மாதச் சேமிப்பு 4,333 திர்ஹாம். திர்ஹாமுக்கு 24 ரூபாய் என்று வைத்தால் 1,04,000 ரூபாய்.

இப்போது சென்னை. 28 லட்சம் சிடிசி என்பதை 12ஆல் வகுத்தால் வருகிற தொகை யாருக்கும் கைக்கு வராது. அதில் வேரியபிள் 10 சதவீதம் இருக்கும் என்று நினைக்கிறேன், 2.8 லட்சம். பேசிக் 12 லட்சம் என்று வைத்தால், கம்பெனி போடுகிற பிஎஃப் 1.44 லட்சமும் கிராஜுட்டி சுமார் 58 ஆயிரமும் அதற்குள்ளேயே அடக்கம். இவற்றைக் கழித்தால் நிற்பது 23.18 லட்சம். 2025-26 புதிய வரி முறையில், 75 ஆயிரம் கழிவு போக, செஸ் சேர்த்து வரி 2.71 லட்சம். உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 1.44 லட்சம். கைக்கு வருவது வருடம் 19.03 லட்சம், மாதம் 1,58,500. வேரியபிள் வராது என்றே வைத்தேன். வந்தால் தீபாவளி.

ஷார்ஜா_செல்வா

ஆஃபர் லெட்டரைப் பார்த்தேன். வேரியபிள் 10 சதவீதம்தான். இவ்வளவு குறையும் என்று நினைக்கவில்லை.

ஓஎம்ஆர்வாசி

செலவை நான் போடுகிறேன், என் வீட்டுக் கணக்கிலிருந்து. வாடகை, மெயின்டனன்ஸ் 32,000. இரண்டு பிள்ளைகள் 25,000. மளிகை 22,000. கரன்ட் 4,000. கார் தவணையும் பெட்ரோலும் 24,000. வேலைக்கார அம்மா, கேஸ், தண்ணீர் கேன் 5,000. போன், நெட் 2,000. மருத்துவக் காப்பீடு 6,000, அங்கே கம்பெனி கொடுப்பதை மறக்காதீர்கள். மற்றது 15,000. இந்த 'மற்றது' என்பதில் மொய் இருக்கிறது செல்வா. அங்கே இருக்கிற வரை போனில் வாழ்த்துச் சொல்லித் தப்பித்தீர்கள். ஆவணி, தை வந்தால் நான்கு பத்திரிகை வரும், எல்லாமே நெருங்கிய சொந்தம். மொத்தம் 1,35,000.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் மிச்சம் 23,500. இரண்டு பங்கு பிஎஃப் 24,000. ஆக 47,500. அங்கே 1,04,000.

இன்னும் ஒன்று. திரும்பிவந்தவன் சொன்ன வரி விஷயம் பாதி சரி. ஆர்என்ஓஆர் என்பது வெளிநாட்டு வருமானத்துக்கான பாதுகாப்பு. என்ஆர்இ வட்டி இந்தியாவில் வருகிற வருமானம். அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவராக இருக்கிற வரைதான் அதற்கு விலக்கு. நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு விமானத்திலிருந்து இறங்கிய நாளோடு அது முடிந்தது. 60 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் வருடம் 4.2 லட்சம் வட்டி. அது சம்பளத்தின் மேல் போய் உட்காரும், கூடுதல் வரி 1.23 லட்சம். மாதம் 10,000 போய்விடும்.

திரும்பிவந்தவன்

நான் கட்டவே இல்லையே! என் ஆடிட்டர் ஒன்றும் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை

உங்களுடையது வெளிநாட்டு நாணயத்திலேயே வைக்கிற எஃப்சிஎன்ஆர் டெபாசிட்டா? அப்படியென்றால் ஆர்என்ஓஆராக இருக்கும் வரை வரி இல்லை, அது சரிதான். என்ஆர்இ என்றால், வங்கிக்கு நீங்கள் திரும்பி வந்ததைச் சொன்னீர்களா என்று முதலில் பாருங்கள். சொல்லாமல் கணக்கு அப்படியே ஓடினால் பிடித்தமும் இருக்காது, வட்டி விலக்கு வருமானம் என்றே காட்டும். சிக்கல் பிறகு வரும்.

செல்வா, உங்களுக்கு இதில் ஒரு வழி உண்டு. கிளம்புவதற்கு முன்பே, என்ஆர்இயில் முதிர்கிற தொகையை எஃப்சிஎன்ஆரில் போடலாம். ஒன்று முதல் ஐந்து வருடம் வரை போடலாம், வந்த பிறகும் முதிர்வு வரை ஓடும். வந்த பிறகு புதிதாகத் திறக்க முடியாது. டாலரில் வட்டி சதவீதம் குறைவாகத் தெரியும், எனவே எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. ஒரு வருடம் ஆகாத என்ஆர்இ டெபாசிட்டை உடைக்காதீர்கள், வட்டியே கிடைக்காது.

ஓஎம்ஆர்வாசி

ஆக வித்தியாசம் மாதம் 66 ஆயிரம். நான் சொன்னதுதானே?

கணக்குப்பிள்ளை

இந்தக் கணக்குப்படி ஆமாம். அங்கே சேமிப்பதை இங்கேயும் சேமிக்க வேண்டுமானால், 30 சதவீத வரி கழிந்து வரவேண்டும் என்பதால், கிட்டத்தட்ட 40 லட்சம் சிடிசி கேட்க வேண்டும். ஆனால் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. செல்வா, அப்பா அம்மாவுக்கு மாதம் எவ்வளவு அனுப்புகிறீர்கள்?

ஷார்ஜா_செல்வா

25,000. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா வருகிறார், அவருக்கே 12,000. அதை நான் செலவாகவே எழுதவில்லை. சேமிப்பிலிருந்துதான் போகிறது.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் உங்கள் உண்மையான சேமிப்பு 79,000. கொளத்தூர் வீட்டிலேயே தங்கினால் 32,000 வாடகை போய்விடும். பெற்றோர் செலவு 15,000க்கு இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். 47,500, கூட்டல் 32,000, கழித்தல் வட்டி வரி 10,000, கழித்தல் 15,000. நிற்பது 54,500. வித்தியாசம் 66 அல்ல, சுமார் 25 ஆயிரம்.

ஓஎம்ஆர்வாசி

கொளத்தூரிலிருந்து சோழிங்கநல்லூரா! காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் அதற்கு மேல். மழை நாளில் கேட்கவே வேண்டாம். பெட்ரோல் லிட்டர் நூறைத் தாண்டி நிற்கிறது, என் 24,000 பெரும்பாக்கத்துக் கணக்கு. இதற்கு நான்கைந்து ஆயிரம் கூடுதலாகப் போடுங்கள்.

திரும்பிவந்தவன்

மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோ கொளத்தூர் வழியாகத்தானே போகிறது?

ஓஎம்ஆர்வாசி

போகும். இப்போது தகரத் தடுப்பு போகிறது.

மஸ்கட்_மைதிலி

நான் இடையில் ஒன்று சொல்லலாமா? நீங்கள் எல்லோரும் இந்த வருடக் கணக்கையே போடுகிறீர்கள். என் மகள் மஸ்கட்டில் 12 வரை படித்தாள். இந்தியப் பள்ளிதான், ஆனாலும் 9க்கு மேல் ஃபீஸும் டியூஷனும் ஏறிய வேகத்தில் எங்கள் சேமிப்பு கடைசி மூன்று வருடம் அநேகமாக நின்றே போனது. அப்புறம் கல்லூரிக்கு எப்படியும் தமிழ்நாட்டுக்குத்தான் வந்தோம். பொறியியல் கவுன்சலிங்குக்கு 8 முதல் 12 வரை இங்கே படிக்காத பிள்ளைக்கு இருப்பிடச் சான்று வேண்டும். என் கணவர் லீவு போட்டு வந்து, தன்னுடைய பழைய பள்ளிச் சான்றிதழைத் தேடி, தாலுகா அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தார். செல்வா தம்பிக்குப் பெரிய பிள்ளை இப்போது 5ஆம் வகுப்பு. 7 முடிவதற்குள் வந்துவிட்டால் இந்த அலைச்சலே இல்லை.

ஓஎம்ஆர்வாசி

அக்கா, அதற்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறதே. அதுவரை சேமிக்கட்டும்.

கணக்குப்பிள்ளை

அதுவும் ஒரு வழிதான். இரண்டு வருடம் இருந்தால் கூடுதலாக 6 லட்சம். ஆபீஸ் போய்வரும் கூடுதல் செலவைச் சேர்த்தால் 7 லட்சம். ஆனால் இந்த ஆஃபர் அதுவரை காத்திருக்காது, அங்கே விசா வேலையோடு கட்டப்பட்டது. இந்த இரண்டுக்கும் என்னால் விலை போட முடியாது.

ஷார்ஜா_செல்வா

மனைவியிடம் காட்டினேன். அவள் பி.எட். முடித்தவள். "25 ஆயிரம்தான் வித்தியாசம் என்றால், அதை நான் கொளத்தூரில் ஒரு பள்ளியில் சம்பாதித்துவிடுவேனே" என்கிறாள். அங்கே ஆசிரியைக்கு இப்போது என்ன கொடுக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கம்பெனியிடம் 32 கேட்டு மெயில் போட்டிருக்கிறேன்.

ஓஎம்ஆர்வாசி

34 கேட்டிருக்க வேண்டும்.

நங்கநல்லூர்_நரசிம்மன்

கொளத்தூரில் மாடி போட இடம் இருக்கிறதா?