கயிற்றில் தொங்கிய சைக்கிள் சக்கரம்: கணக்கு 1.1 நொடி, கண்ணில் பார்த்தது 6 நொடி

கரும்பலகை

பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். பம்பரம் தலையாட்டுவதை, அதாவது பிரிசெஷனை, இந்த வருடம் பலகையில் மட்டும் எழுதாமல் அளந்தே காட்டிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். பழைய 26 இஞ்ச் முன்சக்கரம் ஒன்றை வாங்கி, சைக்கிள் கடையில் சொல்லி அச்சின் ஒரு பக்கம் குழாய் வைத்து நீட்டிக்கொண்டேன். டயர், டியூபோடு மொத்தம் 2.4 கிலோ. சக்கரத்தின் நடுவிலிருந்து 12 செ.மீ. தள்ளி குழாயில் கயிறு கட்டி, மறுமுனையை வகுப்பறை உத்திரத்தில் மாட்டினேன்.

சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டு, அச்சைக் கிடைமட்டமாகப் பிடித்து மெதுவாக விட்டேன். கீழே விழ வேண்டிய சக்கரம் லேசாக ஒரு முறை தலையசைத்துவிட்டுக் கயிற்றைச் சுற்றி நிதானமாக வலம் வரத் தொடங்கியது. பின்பெஞ்சு பிள்ளைகள் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள்.

கணக்கில்தான் சிக்கல். ஆரக்காலில் வெள்ளைத்தாள் ஒட்டி, நொடிக்கு 240 படம் எடுக்கும் போனில் பிடித்ததில், ஒரு சுற்றுக்கு 80 படம் வந்தது. ஆக நொடிக்கு 3 சுற்று. ரிம், டயர், டியூப் சேர்த்து 1.8 கிலோ, ஆரம் 0.30 மீட்டர் என்று வைத்தால் நிலைமத் திருப்புத்திறன் 0.162. திருப்பு விசை 2.4 × 9.8 × 0.12 = 2.82. அப்புறம்

Ω = mgd / (Iω)

என்று போட்டால் 5.8 வருகிறது. அதாவது ஒரு வலத்துக்கு 1.1 நொடி. ஆனால் மூன்று பிள்ளைகள் தனித்தனியாக ஸ்டாப்வாட்ச் பிடித்து அளந்தது 6.1 நொடி. இப்படிச் செய்து பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

சாட்டைக்கயிறு

மேடம், அச்சு சரியாகக் கிடைமட்டமாக இருந்திருக்காது. சின்ன வயதில் பம்பரம் விட்டதில் பார்த்திருக்கிறேன்: நிமிர்ந்து நிற்கும்போது தலையாட்டாது, சாயச் சாயத்தான் வேகமாகத் தலையாட்டும். சாய்வு கூடினால் திருப்பு விசை கூடும், அதனால் தலையாட்டும் வேகமும் கூடும். சாய்வை அளந்து கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

பழைய லேத்

சாட்டைக்கயிறு தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. சாய்ந்தால் திருப்பு விசை கூடும். ஆனால் கோண உந்தத்தில் கிடைமட்டமாகக் கிடக்கும் பங்கும் அதே அளவில் கூடும். திரும்ப வேண்டியது அந்தப் பங்குதான். மேலேயும் கீழேயும் ஒரே sin θ வந்து அடிபட்டுப்போகும். பம்பரம் சாயும் நேரத்தில் அதன் சுழற்சியும் தளர்ந்திருக்கும். தலையாட்டம் வேகமாவது அந்தத் தளர்ச்சியால்.

மேடம், உங்கள் தவறு ஒரே இடத்தில்தான். ω இருக்க வேண்டிய இடத்தில் 3 போட்டிருக்கிறீர்கள். நொடிக்கு 3 சுற்று என்றால் 3 × 2π, அதாவது 18.85 ரேடியன். கோண உந்தம் 0.162 × 18.85 = 3.05. வேகம் 2.82 / 3.05 = 0.92. ஒரு வலத்துக்கு 6.8 நொடி. நானும் பாலிடெக்னிக்கில் இதே இடத்தில் தடுக்கினேன். விடை நிஜத்தைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு தள்ளி நின்றால், முதலில் 2π எங்கே போனது என்று தேடுவது அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது.

பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லலாம். கோண உந்தம் என்பது அச்சோடு கிடக்கும் மூன்றடி அம்பு. திருப்பு விசை ஒவ்வொரு நொடியும் அந்த அம்பின் நுனியைப் பக்கவாட்டில் கிட்டத்தட்ட மூன்றடி தள்ளுகிறது. பக்கவாட்டில் தள்ளுவதால் அம்பு நீளாது, குறையாது, திரும்பும். தள்ளிய தூரத்தை நீளத்தால் வகுத்தால் நொடிக்குச் சுமார் ஒரு ரேடியன்.

பஞ்சாங்கப் பிரியன்

என் கேள்வி கொஞ்சம் வேறு. அயனாம்சம் சுமார் 72 வருடத்துக்கு ஒரு பாகை நகர்வது பூமியின் தலையாட்டத்தால்தான். ஒரு முழு வலத்துக்கு ஏறக்குறைய 26,000 வருடம். அப்படியானால் மேடத்தின் சூத்திரத்திலேயே பூமியின் எடையைப் போட்டு இந்த எண்ணை எடுத்துவிடலாமா? போட்டுப் பார்த்தேன், d-க்கு என்ன போடுவது என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

பழைய லேத்

நீங்கள் நின்ற இடம் சரியான இடம் ஐயா. பூமியை யாரும் ஒரு முனையில் தாங்கிப் பிடிக்கவில்லை, அதனால் அங்கே d கிடையாது. நடுவில் சற்றுப் புடைத்த உருண்டை அது. அந்தப் புடைப்பைச் சந்திரனும் சூரியனும் இழுப்பதால் வரும் திருப்பு விசையைத்தான் மேலே போட வேண்டும். அது அச்சைச் சாய்க்கப் பார்ப்பதில்லை, நிமிர்த்தப் பார்க்கிறது. அதனால் பம்பரம் தான் சுழலும் திசையிலேயே தலையாட்டும், பூமி சுழலும் திசைக்கு எதிராகத் தலையாட்டும். திருப்பு விசையைக் கோண உந்தத்தால் வகுப்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

கரும்பலகை

2π-ஐ விட்டுவிட்டேன், உண்மை. நன்றி சார். ஆனாலும் 6.8-க்கும் 6.1-க்கும் நடுவே இடைவெளி இருக்கிறதே?

பழைய லேத்

0.162 என்பது நீங்கள் ஊகித்தது. அதையும் அளந்துவிடுங்கள். சுவரில் ஆணி அடித்து, ரிம்மின் உள்விளிம்பை அதில் மாட்டி, சக்கரத்தை ஊஞ்சல் மாதிரி லேசாக ஆடவிடுங்கள். ஆட்டம் சக்கரத்தின் தளத்திலேயே இருக்க வேண்டும். 20 ஆட்டத்துக்கு ஆகும் நேரம் போதும்.

வெல்டிங் பட்டறை

எனக்குக் கணக்கு தெரியாது, கை அனுபவம் உண்டு. ஆங்கிள் கிரைண்டர் முழு வேகத்தில் ஓடும்போது சடாரென்று இடப்பக்கம் திருப்பினால் மிஷின் இடப்பக்கம் மட்டும் போகாது, முகத்தைத் தூக்கும் அல்லது கவிழ்க்கும். புதுப் பையன்களுக்கு மணிக்கட்டு வலி இதனால்தான் என்று நினைக்கிறேன். இதுவும் அதுதானா?

பழைய லேத்

அதேதான். மேடம் திருப்பு விசையைக் கொடுத்துத் திரும்பும் வேகத்தைக் கேட்கிறார். நீங்கள் வேகத்தைக் கொடுக்கிறீர்கள், கிரைண்டர் திருப்பு விசையை உங்கள் மணிக்கட்டில் கேட்கிறது. மெதுவாகத் திருப்பினால் குறைவாகக் கேட்கும். வலி அதனால்தானா, அதிர்வாலா என்று என்னால் சொல்ல முடியாது.

கரும்பலகை

ஆணியில் மாட்டி அளந்தோம். 20 ஆட்டம் 28.6 நொடி. ஆணியிலிருந்து நடுவுக்கு 28 செ.மீ.

T = 2π √((I + mR²) / (mgR))

இதில் போட்டால் I = 0.153. கோண உந்தம் 2.88, ஒரு வலத்துக்கு 6.4 நொடி. மிச்சம் 0.3 நொடி. முதல் வலம் முடியும்போது இன்னொரு முறை படம் பிடித்தோம்: ஒரு சுற்றுக்கு 80 படம் இருந்தது 88 ஆகியிருந்தது. சக்கரம் தளரத் தளர வலம் வேகமாகிறது. அடுத்த வலங்கள் 5.5, 4.9 நொடி. இந்த இறக்கம் பெரும்பகுதியை விளக்கிவிடுகிறது.

புதிதாக ஒன்று கவனித்தோம். மூன்றாவது வலத்தில் அச்சு கிடைமட்டத்திலிருந்து நன்றாகவே கீழே இறங்கிவிட்டது. சுழற்சி தளர்ந்தால் வலம் வேகமாகும் என்பது சரி, ஆனால் அச்சு ஏன் இறங்க வேண்டும்?

சாட்டைக்கயிறு

சுழற்சி குறைந்தால் தாங்கும் சக்தி குறைகிறது, அதனால் விழுகிறது. வேகமாகச் சுழலும் சக்கரம் எடை குறைந்துபோகும் என்றுகூடக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

கரும்பலகை

எடை குறையவில்லை தம்பி. கயிற்றுக்கு நடுவே சுருள் தராசு மாட்டிப் பார்த்தோம். கையை விட்ட நொடியில் முள் துடித்தது, அப்புறம் சுற்று முழுக்க 2.4-லேயே நின்றது.

பழைய லேத்

என் சந்தேகம் கயிற்றின் மேல். வலம் வர வரக் கயிறு முறுக்கேறி, வலத்தை எதிர்க்கிறது. வலத்தைத் தடுத்தால் அச்சு இறங்கும். சோதிக்க எளிய வழி: வலம் வரும் திசையிலேயே குழாயின் சக்கரப் பக்க முனையை ஒரு விரலால் மெல்லத் தள்ளுங்கள்.

கரும்பலகை

இன்று மதியம் ஒரு மாணவி தள்ளினாள். குழாய் அவள் விரலுக்கு முன்னால் ஓடவில்லை, மேலே ஏறியது. எதிர்த்திசையில் தடுத்தபோது இறங்கியது. நாளை கயிற்றின் மேல்முனையில் மீன்தூண்டில் சுழலி ஒன்றைச் சேர்த்து, முறுக்கு ஏறாமல் விட்டுப் பார்க்கப்போகிறோம். அதற்குப் பிறகும் மூன்றாவது வலத்தில் அதே அளவு இறங்கினால் காரணம் கயிறு இல்லை.