'கிரேவிங் லாக்' அட்டைக்குத் தமிழில் என்ன தலைப்பு?

சேலம், புகையிலை விடுப்பு ஆலோசகர்:
விசைத்தறிப் பட்டறைகளில் கொடுக்க ஓர் அட்டை அச்சடிக்கிறோம். பீடியைக் குறைப்பவர், ஆசை எழுந்த உடனே அதில் ஒரு வரி எழுதவேண்டும்: நேரம், 0 முதல் 10 வரை அதன் வேகம், 'டிரிக்கர்', பதிலுக்குச் செய்தது, பத்து நிமிடம் கழித்து வேகம். தலைப்புக்கும் 'டிரிக்கர்' கட்டத்துக்கும் சொல் வேண்டும்.

ஆத்தூர், தமிழாசிரியர்:
வேட்கைப் பதிவேடு. டிரிக்கருக்குத் தூண்டி. இதற்கு மேல் என்ன யோசனை?

ஏற்காடு, எஸ்டேட் கணக்கர்:
நான் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவன், இனிப்பைக் குறைத்திருக்கிறேன். பதினோரு மணிக்குக் கை நடுங்கி, வேர்த்து, இனிப்புக்கு மனசு அலையும். தண்ணீர் குடித்து அடக்குவேன். அதைத் 'தவிப்பு' என்பதுதானே சரி?

ஆலோசகர்:
ஐயா, அடக்காதீர்கள். சில சுகர் மாத்திரைகளால் சர்க்கரை இறங்கிப்போனால் இப்படித்தான் இருக்கும். உடனே 15 கிராம் அளவுக்கு, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி குடியுங்கள். டாக்டரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். தவிப்பு என்று தலைப்புப் போட்டால் இதையும் ஆசைக் கணக்கில் எழுதிவிடுவார்கள். அதனால் அந்தச் சொல் வேண்டாம்.

கொண்டலாம்பட்டி, தறிப் பட்டறை:
வேட்கை என்று போட்டால் எட்டு, ஒன்பது வந்தால்தான் எங்கள் ஆட்கள் எழுதுவார்கள். இங்கே பேச்சு 'பீடி நெனப்பு வந்துருச்சு' என்பதுதான். 'நினைப்புக் குறிப்பு' என்று போடுங்கள், மூன்று வந்தாலும் எழுதுவார்கள்.

ஆசிரியர்:
நினைப்பு என்றால் ஞாபகம் என்றல்லவா படிப்பார்கள்?

ஆலோசகர்:
'பீடி நினைப்பு' என்று சேர்த்துப் போட்டால் குழப்பம் வராது. சின்ன நினைப்பும் பதிவாவது எனக்கு முக்கியம், அந்தக் கட்டத்தில் திசை திருப்புவது சுலபம்.

தூண்டிதான் இடிக்கிறது. சோதனை அட்டையில் ஒருவர் அந்தக் கட்டத்தில் 'டென்ஷன்' என்றே எழுதிவந்தார். அதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. கேட்டுப் பார்த்தால் நூல் அறுந்து தறி நிற்கும்போது வெளியே போய் டீ, கூடவே பீடி. மாற்றாக நிகோட்டின் கம் கொடுத்தோம். எட்டு ஏழாகத்தான் இறங்கியது. டீ குடித்த கையோடு வாயில் போட்டிருக்கிறார். டீ, காபி குடித்த வாயில் நிகோட்டின் சரியாக உறிஞ்சப்படாது. கால் மணி நேரம் இடைவெளி விட்டு, மெல்வதும் கன்னத்தில் ஒதுக்குவதுமாக வைத்துக்கொள்ளச் சொன்ன பிறகு மூன்றுக்கு வந்தது. 'டீ' என்று எழுதியிருந்தால் முதல் நாளே பிடித்திருப்போம்.

தறிப் பட்டறை:
தூண்டி என்றால் மேஸ்திரி பேரைத்தான் எழுதுவார்கள். 'அப்போ என்ன நடந்தது' என்று கேட்டுவிடுங்கள்.

ஆசிரியர்:
அது கேள்வி, கலைச்சொல் ஆகாது. அட்டையில் அப்படியே இருக்கட்டும். பயிற்சிக் கையேட்டுக்குத் தூண்டியை நான் விடமாட்டேன்.

ஏற்காடு:
மீட்டரில் 62. சர்க்கரை குடித்துவிட்டேன். நாளைக்கு டாக்டர்.