தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்கள் யாராவது உதவ முடியுமா?

குன்னூர்ப் பக்கத்து ஃபேக்டரியை வைத்து ஒரு சிறுகதை எழுதுகிறேன். இலை வாட்டும் பகுதியில்தான் மோதல். புதிதாக வந்த சூப்பர்வைசர், தொட்டியில் இத்தனை மணி நேரம் காற்று விட்டால் போதும், உடனே இலையை நசுக்கிக் கிழிக்கும் சிடிசி ரோலருக்கு அனுப்பிவிடலாம் என்று கடிகாரம் பார்க்கிறார். மூத்த தொழிலாளி மாரியண்ணன் ஒரு பிடி இலையை அள்ளி இறுக்கிப் பிடிக்கிறார். கையைத் திறந்ததும் இலை விரிந்துகொள்கிறது. காம்பை மடித்தால் பட்டென்று ஒடிகிறது. "சார், ராத்திரி பூரா மழை. இது இன்னும் வாடல" என்கிறார்.

அவர் சொல்வது சரிதான் என்று எனக்கே தெரிகிறது. நனைந்த இலைக்கும் வெயிலில் பறித்த இலைக்கும் ஒரே நேரக் கணக்கு எப்படிச் சரிவரும்? ஆனால் சூப்பர்வைசரை முட்டாளாக்க மனமில்லை. அடுத்த லோடு இலை வாசலில் சூடேறிக்கொண்டு நிற்கிறது, தொட்டி காலியாக வேண்டும். அவர் அவசரத்துக்கும் காரணம் உண்டு.

என் சந்தேகம் இதுதான்: வாடாத இலையை ரோலரில் விட்டால் முதலில் கண்ணில் படுவது எது? சாறு வழிவதா, மாவு கட்டி கட்டியாக வருவதா? இல்லை, டிரையர் தாண்டிய பிறகுதான் தெரியுமா? அப்புறம், மூடுபனி நாளில் தொட்டியில் சூடான காற்றும் கலந்து விடுவீர்களா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.